எந்த இடர் கரையும், எந்த இடர் நிற்கும்? முறைசார், முறைசாரா இடர் பற்றிய வினாடி வினாக் கேள்விகளும் விடைகளும்

முறைசார் இடர் எது, முறைசாரா இடர் எது என்று கேள்வியைப் பார்த்தவுடன் எப்படிப் பிரிப்பது?

ஒரு சோதனை போதும். கேள்வியில் சொல்லப்படும் நிகழ்வால் வரும் இழப்பு, வேறு பல நிறுவனங்களின் பங்குகளையும் சேர்த்து வைத்திருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாமல் போய்விடுமா என்று பாருங்கள். போய்விடும் என்றால் அது முறைசாரா இடர். எத்தனை பங்குகளைச் சேர்த்து வைத்திருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் ஒரே பக்கம் சாயும் என்றால் அது முறைசார் இடர். வகுப்புகளில் சிஸ்டமேட்டிக் ரிஸ்க், அன்சிஸ்டமேட்டிக் ரிஸ்க் என்று சொல்லப்படுபவை இவையே. சந்தை இடர், நிறுவனம் சார்ந்த இடர் என்றும், பணத்தைப் பல பங்குகளில் பிரித்து வைக்கும் பரவலாக்கத்தால் நீக்க முடியாத இடர், நீக்கக்கூடிய இடர் என்றும் வினாத்தாள்களில் வருவனவும் இதே இரண்டின் வேறு பெயர்கள்தாம்.

ஒரு மருந்து நிறுவனத்தின் புதிய மருந்து சோதனையில் தோற்று, அதன் பங்கு ஒரே நாளில் 30 விழுக்காடு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு பங்கை மட்டும் வைத்திருந்தவருக்கு இது பேரிழப்பு. 20 பங்குகளைச் சம அளவில் வைத்திருந்தவருக்கோ, அந்தப் பங்கு தொகுப்பில் 5 விழுக்காடுதான் என்பதால், 1.5 விழுக்காடு இழப்பு. அதே மாதத்தில் வேறொரு நிறுவனத்துக்குக் கிடைத்த பெரிய ஒப்பந்தம் அதையும் ஈடுகட்டிவிடக்கூடும். தொழிற்சாலையில் தீ, வேலைநிறுத்தம், தலைமை அதிகாரியின் திடீர் விலகல், ஒரு நிறுவனத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கு ஆகிய அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இழப்பின் அளவை வைத்து முடிவு செய்துவிடுவதுதான் இங்கே மிகுதியாகக் காணப்படும் பிழை. ஒரு நிறுவனம் திவாலாகி அதன் பங்கின் மதிப்பு முழுவதும் அழிந்தாலும் அது முறைசாரா இடரே. வட்டி விகிதத்தைப் பற்றிய எதிர்பாராத அறிவிப்பால் சந்தை முழுவதும் 2 விழுக்காடு மட்டும் இறங்கினாலும் அது முறைசார் இடரே. எவ்வளவு பெரிய அடி என்பது கேள்வியே அல்ல. எத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் அந்த அடி விழுகிறது என்பதுதான் கேள்வி.

எண்ணெய் விலை உயர்வு, ஒரு துறைக்கு மட்டும் விதிக்கப்படும் வரி போன்றவை பல நிறுவனங்களைப் பாதிக்கின்றனவே, அவை எந்தப் பக்கம்?

இங்கேதான் மனப்பாடம் கைகொடுக்காது. "ஒரு நிறுவனம் என்றால் முறைசாரா, பல நிறுவனங்கள் என்றால் முறைசார்" என்று படித்தவர்கள், ஒரு துறைக்கு மட்டும் விதிக்கப்படும் வரியை முறைசார் இடர் என்று குறித்துவிடுகிறார்கள். அந்த வரி ஐம்பது நிறுவனங்களைப் பாதித்தாலும், பிற துறைகளின் பங்குகளை வைத்திருப்பதன் மூலம் அதன் தாக்கத்தைக் கரைத்துவிட முடியும். ஆகவே துறை சார்ந்த இடரும் முறைசாரா இடர்தான்.

எண்ணெய் விலை சற்றுச் சிக்கலானது. ஏனெனில் அதன் தாக்கம் இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது. எரிபொருள் செலவு ஏறக்குறைய எல்லாத் தொழில்களுக்கும் உண்டு என்பதாலும், விலையேற்றம் பணவீக்கத்தையும் அதன் வழியாக வட்டியையும் அசைப்பதாலும், பொருளாதாரம் முழுவதிலும் பரவும் பகுதி முறைசார் இடர். சந்தையின் பொது அசைவுக்கு மேலாக ஒரு விமான நிறுவனத்துக்குக் கூடுதலாக விழும் அடியும், எண்ணெய் எடுக்கும் நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஆதாயமும் முறைசாரா இடர்; இவ்விரண்டையும் ஒரே தொகுப்பில் வைத்தால் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும். பொதுவான வினாடி வினாவில் "எண்ணெய் விலையில் எதிர்பாராத பெரும் ஏற்றம்" என்று மட்டும் இருந்தால் முறைசார் என்று குறிப்பதுதான் சரி.

"எதிர்பாராத" என்ற சொல்லைக் கவனமாகப் படியுங்கள். எல்லோரும் முன்பே எதிர்பார்த்த வட்டி உயர்வு, அறிவிப்புக்கு முன்பே பங்கு விலைகளில் சேர்ந்துவிட்டிருக்கும். இடர் என்பது எதிர்பார்ப்பிலிருந்து விலகும் பகுதி மட்டுமே.

மொத்த இடரைக் கொடுத்து, அதை இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் எங்கே தொடங்குவது?

வில்லியம் ஷார்ப் 1963-இல் முன்வைத்த ஒற்றைக் குறியீட்டு மாதிரியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பங்கின் வருமானத்தில், சந்தையோடு சேர்ந்து அசையும் பகுதி ஒன்று, அந்த நிறுவனத்துக்கே உரிய மீதிப் பகுதி ஒன்று என அது பிரித்துக் காட்டுகிறது. சந்தை 1 விழுக்காடு அசையும்போது பங்கு சராசரியாக எத்தனை விழுக்காடு அசைகிறது என்பதே பீட்டா. மீதிப் பகுதிக்கும் சந்தைக்கும் தொடர்பில்லை என்பதால், வருமானம் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி அசைகிறது என்று அளக்கும் திட்ட விலக்கத்தின் வர்க்கமாகிய பரவற்படியை நேராகக் கூட்டலாம். கீழே σ பங்கின் திட்ட விலக்கம், σm சந்தையின் திட்ட விலக்கம், σe மீதிப் பகுதியின் திட்ட விலக்கம், β பீட்டா.

```
σ²   =   β² × σm²   +   σe²
மொத்தம் = முறைசார் + முறைசாரா
```

இனி ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். அடுத்து வரும் சில கேள்விகளுக்கும் இந்த எண்களையே பயன்படுத்துகிறேன். சந்தையின் திட்ட விலக்கம் 20%. பங்கு அ-வின் பீட்டா 1.2, திட்ட விலக்கம் 40%. பங்கு ஆ-வின் பீட்டா 1.5, திட்ட விலக்கம் 34%. ஒவ்வொன்றிலும் முறைசாரா இடர் எவ்வளவு?

பங்கு அ-வின் மொத்தப் பரவற்படி 40 × 40 = 1600. சந்தையோடு அசையும் பகுதியின் திட்ட விலக்கம் 1.2 × 20 = 24; அதன் வர்க்கம் 576. கழித்தால் மீதி 1024; அதன் வர்க்கமூலம் 32. ஆக, பங்கு அ-வில் முறைசார் இடர் 24%, முறைசாரா இடர் 32%.

பங்கு ஆ-வின் மொத்தப் பரவற்படி 34 × 34 = 1156. முறைசார் பகுதி 1.5 × 20 = 30; அதன் வர்க்கம் 900. மீதி 256, அதன் வர்க்கமூலம் 16. ஆக, பங்கு ஆ-வில் முறைசார் இடர் 30%, முறைசாரா இடர் 16%.

இந்த இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் பங்கு அ-தான் கொந்தளிப்பானது. ஆனால் கரைக்க முடியாத பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் பங்கு ஆ-தான் இடர் மிகுந்தது. இந்தத் தலைகீழ் வரிசையை மையமாக வைத்துத்தான் நல்ல வினாக்கள் பலவும் அமைக்கப்படுகின்றன.

24-ஐயும் 32-ஐயும் கூட்டினால் 56 வருகிறதே, மொத்தம் எப்படி 40 ஆகும்?

திட்ட விலக்கங்களைக் கூட்டக்கூடாது. அவற்றின் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். ஒரு செங்கோண முக்கோணத்தை மனத்தில் வரைந்துகொண்டால் இது மறக்காது. ஒரு பக்கம் 24, அதற்குச் செங்குத்தான பக்கம் 32, கர்ணம் 40. நிறுவனத்துக்கே உரிய அசைவுக்கும் சந்தையின் அசைவுக்கும் தொடர்பில்லை என்பதைத்தான் அந்தச் செங்கோணம் காட்டுகிறது. இரண்டும் எப்போதும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் அசைந்தால்தான் 56 வரும். சில மாதங்களில் சந்தை இறங்க நிறுவனச் செய்தி விலையைத் தூக்குவதால் 40-இல் நிற்கிறது.

இதே இடத்தில் இன்னொரு பொறியும் உண்டு. "பங்கு அ-வின் மொத்த இடரில் எத்தனை விழுக்காடு சந்தையால் விளக்கப்படுகிறது?" என்று கேட்டால் பலர் 24-ஐ 40-ஆல் வகுத்து 60% என்று எழுதுகிறார்கள். அந்த 0.6 என்பது பங்கும் சந்தையும் எந்த அளவு ஒன்றுசேர்ந்து அசைகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு. விளக்கப்படும் பகுதியைப் பரவற்படியில்தான் அளக்க வேண்டும்: 576-ஐ 1600-ஆல் வகுத்தால் 0.36, அதாவது 36%. ஆர்-ஸ்கொயர் என்று கணினி வெளியீட்டில் காணப்படும் எண் இதுதான். 60, 36 ஆகிய இரண்டுமே தெரிவுகளில் இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிக ஏற்ற இறக்கம் உள்ள பங்கு அ-வுக்குத்தானே அதிக வருமானம் எதிர்பார்க்க வேண்டும்?

இல்லை. மூலதனச் சொத்து விலை மாதிரியின்படி எதிர்பார்க்கும் வருமானத்தைத் தீர்மானிப்பது பீட்டா மட்டுமே. இடரற்ற வட்டி 4%, சந்தை அதற்கு மேல் தரும் மிகை வருமானம் 5% என்று கேள்வி கொடுத்தால், பங்கு அ-வுக்கு 4 + 1.2 × 5 = 10%; பங்கு ஆ-வுக்கு 4 + 1.5 × 5 = 11.5%. மொத்த ஏற்ற இறக்கம் குறைவான பங்குக்கே அதிக வருமானம் எதிர்பார்க்கப்படுகிறது.

சூத்திரத்தில் எண்களைப் போடுவதோடு நின்றுவிடாமல், காரணத்தையும் ஒருமுறை பின்தொடர்ந்து பார்ப்பது நல்லது. பங்கு அ-வின் 32% முறைசாரா இடருக்காகச் சந்தை தனியாக ஒரு வெகுமதி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பல பங்குகளைக் கலந்து வைத்திருக்கும் முதலீட்டாளர், அந்த இடரைத் தம் தொகுப்பில் ஏறக்குறையச் செலவின்றிக் கரைத்துவிட்டு, வெகுமதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அத்தகையோர் அனைவரும் பங்கு அ-வை வாங்கப் போட்டியிட்டால் அதன் விலை ஏறும். விலை ஏற ஏற அதிலிருந்து இனிமேல் கிடைக்கக்கூடிய வருமான விழுக்காடு இறங்கும். வெகுமதி மறையும் வரை இது தொடரும். எனவே, கரைக்கக்கூடிய இடரைச் சுமப்பவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

இந்த வாதம் முழுவதும், விலையைத் தீர்மானிப்பவர்கள் நன்கு பரவலாக்கிய தொகுப்பை வைத்திருக்கிறார்கள் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஆகவே கேள்வியில் முதலீட்டாளரைப் பற்றிச் சொல்லியிருக்கும் அரை வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "நன்கு பரவலாக்கிய தொகுப்பில் இந்தப் பங்கைச் சேர்க்கிறார்" என்றால் இடரின் அளவுகோல் பீட்டா. "தம் சேமிப்பு முழுவதையும் இந்த ஒரே பங்கில் போட்டிருக்கிறார்" என்றால் அவர் சுமப்பது 40% முழுவதும். அங்கே அளவுகோல் திட்ட விலக்கம். மிகை வருமானத்தைத் திட்ட விலக்கத்தால் வகுக்கும் ஷார்ப் விகிதத்தையும், பீட்டாவால் வகுக்கும் டிரேனர் விகிதத்தையும் எங்கே பயன்படுத்துவது என்ற கேள்விக்கும் இதுவே விடை.

இரண்டு பங்குகளையும் பாதிப் பாதியாக வைத்தால் எந்த இடர் குறைகிறது?

ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கணக்கிட்டால், பரவலாக்கம் செய்யும் வேலை கண்ணெதிரே தெரியும். தொகுப்பின் பீட்டா 1.2, 1.5 ஆகியவற்றின் சராசரியான 1.35. முறைசார் இடர் 1.35 × 20 = 27%. இது 24, 30 ஆகியவற்றின் சராசரியேதான். இங்கே ஒன்றும் குறையவில்லை.

முறைசாரா பகுதியில் எடைகளை வர்க்கப்படுத்த வேண்டும். பாதியின் வர்க்கம் கால் என்பதால், 0.25 × 1024 + 0.25 × 256 = 320; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 17.9%. 32, 16 ஆகியவற்றின் சராசரி 24 ஆக இருக்க, கிடைத்திருப்பதோ 17.9. குறைந்தது முழுவதும் இங்கேதான்.

மொத்தப் பரவற்படி 729 + 320 = 1049; திட்ட விலக்கம் ஏறத்தாழ 32.4%. இது 40-ஐ மட்டுமல்ல, இரண்டில் குறைவானதாக இருந்த 34-ஐயும் விடக் குறைவு. அதிகக் கொந்தளிப்பான பங்கு அ-வைக் கொண்டுவந்து சேர்த்ததால், பங்கு ஆ-வை மட்டும் வைத்திருந்தவரின் மொத்த இடர் இறங்கியிருக்கிறது. முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் எங்கோ பிழை செய்துவிட்டதாக நினைத்துத் திரும்பப் போடுவதுண்டு, பிழை இல்லை.

"பரவலாக்கம் தொகுப்பின் பீட்டாவைக் குறைக்கும்: சரியா, தவறா?" என்ற கேள்விக்கான விடையும் இதிலேயே இருக்கிறது. தவறு. தொகுப்பின் பீட்டா எப்போதும் எடையிட்ட சராசரி. அதைக் குறைக்க வேண்டுமானால் பீட்டா குறைந்த பங்குகளையோ இடரற்ற பத்திரங்களையோ சேர்க்க வேண்டும். எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் குறையாது.

ஒட்டுறவு எதிர்மறையாக இருந்தால்தானே இடர் குறையும்?

ஒட்டுறவுக் கெழு +1-க்குக் கீழே இருந்தாலே போதும். பங்குகள் அ, ஆ இரண்டையும் சேர்த்து அசைப்பது சந்தை மட்டுமே என்று எடுத்துக்கொண்டால், அவை சேர்ந்து அசையும் அளவான உடன்மாறுபாடு 1.2 × 1.5 × 400 = 720. இதை 40 × 34 = 1360-ஆல் வகுத்தால் ஒட்டுறவு ஏறத்தாழ 0.53. தெளிவான நேர்மறை ஒட்டுறவு. ஆயினும் எடையிட்ட சராசரியான 37%-இலிருந்து தொகுப்பின் இடர் 32.4%-க்கு இறங்கியதைச் சற்று முன்பு பார்த்தோம். ஒட்டுறவு சரியாக +1 ஆக இருக்கும்போது மட்டுமே தொகுப்பின் திட்ட விலக்கம் எடையிட்ட சராசரிக்குச் சமமாகும்.

முறைசாரா இடரைக் கரைக்க எத்தனை பங்குகள் போதும்?

ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஆனால் எப்படிக் குறைகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம். ஒவ்வொரு பங்கின் பீட்டாவும் 1, முறைசார் பரவற்படி 400, முறைசாரா பரவற்படி 1200 என்று வைத்துக்கொள்வோம். தனியாக ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும் 40%. சம எடையில் n பங்குகளைச் சேர்த்தால் 1200 என்பது n-ஆல் வகுபடும். 400 அப்படியே நிற்கும்.

```
n = 1     1200 + 400 = 1600   σ = 40.0%
n = 4      300 + 400 =  700   σ = 26.5%
n = 10     120 + 400 =  520   σ = 22.8%
n = 20      60 + 400 =  460   σ = 21.4%
n = 100     12 + 400 =  412   σ = 20.3%
```

முதல் நான்கு பங்குகளிலேயே 40-இலிருந்து 26.5-க்கு வந்துவிட்டோம். இருபதிலிருந்து நூறுக்குப் போக எண்பது பங்குகளைக் கூடுதலாக வாங்கியும் கிடைப்பது 1.1 விழுக்காட்டுப் புள்ளிதான். எவ்வளவு போனாலும் 20%-க்குக் கீழே இறங்காது. அந்தத் தளம்தான் முறைசார் இடர். பாடநூல்களில் வளைந்து இறங்கிக் கிடைமட்டக் கோட்டை நெருங்கும் அந்தப் படம் இந்தக் கணக்கின் படமே.

1968-இல் இவான்ஸ், ஆர்ச்சர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வைத் தொடர்ந்து, ஏறத்தாழ பத்துப் பங்குகளிலேயே பெரும்பயன் கிடைத்துவிடும் என்ற கருத்து பரவியது. மெயர் ஸ்டாட்மன் 1987-இல், குறைந்தது 30 பங்குகளாவது வேண்டும் என்று வாதிட்டார். பாடநூலுக்குப் பாடநூல் எண் மாறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். என் கருத்தில், எண்ணை நெட்டுரு செய்வதைவிட 1200/n என்ற உறுப்பைப் புரிந்துகொள்வதே பயன்தரும். கேள்வியில் வேறு எண்கள் வந்தாலும் அது கைவிடாது.

ஒரே துறையில் 20 நிறுவனங்களின் பங்குகளை வைத்திருந்தால் அது பரவலாக்கம் ஆகாதா?

அரைகுறையாகத்தான் ஆகும். மேலே போட்ட கணக்கில் ஒவ்வொரு நிறுவனத்தின் மீதிப் பகுதியும் மற்ற நிறுவனங்களின் மீதிப் பகுதியோடு தொடர்பற்றது என்று எடுத்துக்கொண்டோம். ஒரே துறைக்குள் அந்த அனுமானம் நிற்காது.

1200 என்ற முறைசாரா பரவற்படியில் 500 அந்தத் துறைக்கே பொதுவானது, 700 மட்டுமே தனி நிறுவனத்துக்கு உரியது என்று வைத்துக்கொள்வோம். ஒரே துறையின் 20 பங்குகளைச் சேர்த்தால் 700 மட்டும் 20-ஆல் வகுபட்டு 35 ஆகும். துறைக்குரிய 500 அப்படியே நிற்கும். மொத்தம் 400 + 500 + 35 = 935; திட்ட விலக்கம் ஏறத்தாழ 30.6%. வெவ்வேறு துறைகளிலிருந்து நான்கே பங்குகளை எடுத்தவருக்கு 26.5% என்று அட்டவணையில் பார்த்தோம். நான்கு துறைகளின் நான்கு பங்குகள், ஒரே துறையின் இருபது பங்குகளை வென்றுவிட்டன. அந்த ஒரே துறையில் ஆயிரம் பங்குகளை வாங்கினாலும் இடர் 30%-க்குக் கீழே வராது.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். கரையாமல் நிற்பதால் அந்த 500-ஐ முறைசார் இடர் என்று குறித்துவிடாதீர்கள். இவர் கரைக்காமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். கரைக்கக்கூடியது என்பதால் அது முறைசாரா இடராகவே இருக்கிறது, அதைச் சுமப்பதற்குக் கூடுதல் வருமானமும் எதிர்பார்க்க முடியாது.

நன்கு பரவலாக்கிய தொகுப்புக்குப் பெரிய இழப்பு வராது என்பது சரியா?

தவறு. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எஸ்&பி 500 குறியீடு ஏறத்தாழ 38 விழுக்காடு சரிந்தது. பல துறைகளைச் சேர்ந்த ஐந்நூறு பெரிய நிறுவனங்களைக் கொண்ட அந்தக் குறியீட்டில் முறைசாரா இடர் மிகச் சிறியது. விழுந்தது ஏறக்குறைய முழுவதும் முறைசார் பகுதி. பரவலாக்கம் தன் வேலையைச் செய்யவில்லை என்று இதற்குப் பொருளில்லை; அதன் வேலை எதுவோ அதை மட்டும் அது செய்தது.

மேலும், நெருக்கடிக் காலங்களில் பங்குகளுக்கு இடையிலான ஒட்டுறவு உயர்ந்துவிடுவது பலமுறை காணப்பட்டிருக்கிறது. அமைதியான ஆண்டுகளின் தரவிலிருந்து கணக்கிட்ட உடன்மாறுபாட்டை வைத்து எதிர்பார்த்த தளத்தைவிட உண்மையான தளம் அப்போது மேலே இருக்கும். பீட்டாவும் திட்ட விலக்கமும் கடந்தகாலத் தரவிலிருந்து மதிப்பிடப்பட்டவை என்ற வரம்பு எல்லாக் கணக்குகளுக்கும் உண்டு.

சிஸ்டமிக் ரிஸ்க் என்பதும் சிஸ்டமேட்டிக் ரிஸ்க் என்பதும் ஒன்றா?

இல்லை. சிஸ்டமிக் ரிஸ்க் என்பது ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ விழுந்து, அதன் பின்னலில் இருக்கும் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு நிதி அமைப்பே முடங்கும் ஆபத்து. சிஸ்டமேட்டிக் ரிஸ்க் என்பது சாதாரண நாள்களிலும் எல்லாப் பங்குகளிலும் கலந்திருக்கும் சந்தை இடர். தெரிவுகளில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தால், பீட்டாவால் அளக்கப்படுவது சிஸ்டமேட்டிக் ரிஸ்க்தான்.

என் விடை தவறு என்பதை நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

விடைக்கு அடியில் கோடு போடுவதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, முறைசார் பகுதி மொத்தத்தைவிடப் பெரிதாகிவிட்டதா என்று பாருங்கள். முறைசாரா பரவற்படி எதிர்மறையாக வந்தால் எங்கோ பிழை. 1-ஐவிடக் குறைவான பீட்டாவை வர்க்கப்படுத்தாமல் விட்டிருக்கலாம், அல்லது சந்தையின் பரவற்படியை 400 என்று கொடுத்திருக்கும் கேள்வியில் அதைத் திட்ட விலக்கம் என்று எண்ணி மீண்டும் வர்க்கப்படுத்தியிருக்கலாம். கேள்வி 20% என்றதா, 0.04 என்றதா என்று பாருங்கள், 0.20-இன் வர்க்கம் 0.04 என்பதால் இரண்டும் ஒரே சந்தையைத்தான் சொல்கின்றன. பங்கு அ-வின் 1600 என்ற எண்ணும் தசமத்தில் 0.16 ஆகும். ஒரே கணக்கில் விழுக்காட்டையும் தசமத்தையும் கலந்தால் விடை பத்தாயிரம் மடங்கு தவறிப்போகும். அத்தகைய பிழை உடனே தெரிந்துவிடும் என்பதால் அதைவிடப் பீட்டாவை வர்க்கப்படுத்தாமல் விடும் பிழையே ஆபத்தானது.

சில வேளைகளில் பிழை கேள்வியிலேயே இருக்கும். "பீட்டா 1.8, சந்தையின் திட்ட விலக்கம் 20%, பங்கின் திட்ட விலக்கம் 30%. முறைசாரா இடர் என்ன?" என்று கேட்டால், முறைசார் பகுதி மட்டுமே 36% ஆகி, மொத்தமான 30%-ஐத் தாண்டிவிடுகிறது. அப்படி ஒரு பங்கு இருக்கவே முடியாது. திட்ட விலக்கம் 30% என்றால், பங்கு சந்தையோடு முழுமையாக ஒட்டி அசைந்தாலும் பீட்டா 30-ஐ 20-ஆல் வகுத்த 1.5-ஐத் தாண்டாது. இங்கே ஏதாவது ஓர் எண்ணை ஊகித்து விடையை வரவழைக்காமல், 1296 என்பது 900-ஐவிடப் பெரிது என்பதை எழுதிக்காட்டி, கொடுக்கப்பட்ட எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று குறிப்பிடுவதே சரியான விடை.